முகப்பை மாற்றும் முன் பைக்கையும் வயரையும் ஆளையும் படத்திலிருந்து எடுப்பது எப்படி?

பழைய கடைக் கட்டடம் ஒன்றுக்குப் புது எலிவேஷன் போட்டுக் காட்டச் சொல்கிறார்கள். கையில் இருப்பது ஃபோனில் எடுத்த ஒரு படம். அதில் ஷட்டருக்கு முன்னால் இரண்டு பைக், ஒரு ஸ்கூட்டர், ஓரமாக ஒரு லோடு ஆட்டோ. மாடி ஜன்னலுக்குக் குறுக்கே கேபிள் டிவி வயரும் ஈபி சர்வீஸ் வயரும். நடுவில் பையோடு போகும் இரண்டு பேர். முதலில் இவற்றை அழித்துவிட்டு, பிறகு புது முகப்பை ஏற்ற வேண்டும்.

அழிப்பது என்று பேச்சுக்குச் சொல்கிறோம். உண்மையில் நடப்பது வேறு. பைக்கை எடுத்த இடத்தில் ஏதாவது ஒன்று இருந்தாக வேண்டும். அந்த ஏதாவது ஒன்று உண்மையான படிக்கட்டா, மென்பொருள் தானாக ஊகித்துப் போட்ட படிக்கட்டா என்பதில்தான் வேலையின் தரம் இருக்கிறது. ஊகத்தில் வந்த படியை நம்பிப் புது முகப்பை வரைந்தால், வேலை தொடங்கும் நாளில் கொத்தனார் வந்து, "இங்க மூணு படில்லா இருக்கு, படத்துல ரெண்டுதான் போட்டிருக்கு?" என்று கேட்பார்.

அதனால் ஒவ்வொரு மறைப்புக்கும் ஒரே கேள்வி: இதற்குப் பின்னால் இருப்பதை எங்கிருந்து கொண்டுவரலாம்? ஆள், வயர், வண்டி மூன்றுக்கும் மூன்று வேறு விடைகள். ஆள் நகர்ந்துவிடுவார், நாம் காத்திருந்தால் போதும். வயர் நகராது, நாம் கொஞ்சம் நகர வேண்டும். வண்டியும் நகராது, நாம் நகர்ந்தாலும் பயன் குறைவு. கிட்டே போக வேண்டும்.

திருநெல்வேலி டவுனில் ரத வீதி ஒன்றில் இருப்பதுபோல ஒரு கட்டடத்தை எடுத்துக்கொள்வோம். வடக்குப் பார்த்த முகப்பு. அகலம் 24 அடி, உயரம் 22 அடி. கீழே ஒரு கடை, மேலே ஒரு மாடி. சுவரிலிருந்து 30 அடி தள்ளி எதிர்ச்சாரியில் நின்று எடுக்கிறோம். ஃபோனின் சாதாரண லென்ஸ், அதாவது 1x, அந்தத் தூரத்தில் ஏறத்தாழ 39 அடி அகலத்தையும் 30 அடி உயரத்தையும் பிடிக்கும். 0.5x லென்ஸுக்குப் போக வேண்டியதில்லை. அது ஓரங்களை இழுத்துவிடும். பிறகு எதைப் பொருத்தினாலும் ஒட்டாது.

எங்கே நின்று எடுப்பது

தரையில் நின்றால் ஃபோன் 5 அடி உயரத்தில் இருக்கும். கட்டடத்தின் உச்சியைப் பிடிக்க ஃபோனை அண்ணாந்து சாய்க்க வேண்டும். சுவர்கள் மேலே போகப்போகக் குவியும். எதிர்க் கட்டடத்தின் மாடியில், 12 அடி உயரத்தில் நிற்க இடம் கிடைத்தால் சாய்க்காமலேயே முழு முகப்பும் வரும். அதைவிட முக்கியமான லாபம் ஒன்று உண்டு. சுவருக்கு 4 அடி முன்னால் மூன்றரை அடி உயரமுள்ள ஒரு பைக் நிற்கிறது என்று வையுங்கள். 5 அடி உயரத்திலிருந்து பார்த்தால் அது சுவரில் தரையிலிருந்து ஏறத்தாழ 3¼ அடி வரை மறைக்கும். 12 அடி உயரத்திலிருந்து பார்த்தால் 2¼ அடிதான். ஒரு முழு அடிச் சுவர் சும்மா கிடைக்கிறது. ஷட்டரின் கீழ்ப்பட்டைகளும் நிலைக்காலின் அடிப்பகுதியும் பெரும்பாலும் அந்த ஒரு அடியில்தான் இருக்கும்.

நேரம் இன்னொரு விஷயம். ரத வீதியில் சாயங்காலம் அல்வா வாங்க வரும் கூட்டத்தில் படமெடுப்பது வீண் வேலை. காலை ஆறு, ஆறரை மணிக்குப் போனால் பாதி வண்டிகள் இருக்காது. ஆனால் கடை ஷட்டரும் மூடியிருக்கும். புது முகப்பில் கடை திறந்த நிலையில் தெரிய வேண்டுமா, மூடிய நிலையிலா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது. எந்த நேரமானாலும் எல்லாப் படங்களையும் ஒரே வெளிச்சத்தில் எடுங்கள். காலை நீலத்தையும் பகல் மஞ்சளையும் ஒரே சுவரில் ஒட்டினால் ஒட்டு எங்கே என்று சின்னப் பிள்ளையும் காட்டிவிடும்.

ஆட்கள்

ஃபோனை ஸ்டாண்டில் வைத்து, திரையில் அழுத்திப் பிடித்து ஃபோகஸையும் வெளிச்ச அளவையும் பூட்டிவிடுங்கள். 10 விநாடிக்கு ஒன்றாக 11 படம் எடுங்கள். இரண்டு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். பிறகு ஒவ்வொரு புள்ளிக்கும் 11 படங்களிலும் உள்ள நிறங்களை வரிசைப்படுத்தி, நடுவில் இருப்பதை எடுத்துக்கொள்ளச் சொல்ல வேண்டும். சுவரின் ஒரு புள்ளியை மூன்று படத்தில் ஆள் மறைத்து, எட்டுப் படத்தில் சுவரே தெரிந்தால், நடுவில் வருவது சுவர்தான். இதில் ஊகம் கிடையாது. வருவதெல்லாம் கேமரா பார்த்த சுவர்.

படங்களுக்கு p01.jpg, p02.jpg என்று p-யில் தொடங்கும் பெயர் வைத்துவிட்டால், ImageMagick என்ற இலவச மென்பொருளில் ஒரே வரி:

```
magick p*.jpg -evaluate-sequence median aal_illai.png
```

கையில் பிடித்து எடுத்திருந்தால் படங்கள் ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்காராது. முதலில் Hugin என்ற, படங்களை ஒட்டிச் சேர்க்கும் மென்பொருளுடன் வரும் கருவியால் பொருத்திவிட்டு, அது தரும் கோப்புகளை மேலே உள்ள வரியில் கொடுக்க வேண்டும்:

```
align_image_stack -a nera_ p*.jpg
magick nera_*.tif -evaluate-sequence median aal_illai.png
```

இது எங்கே தோற்கும்? பாதிக்கு மேற்பட்ட படங்களில் ஓரிடம் மறைந்திருந்தால் தோற்கும். டீக்கடைக்கு முன் கிளாஸோடு நிற்பவர் இரண்டு நிமிடமும் அங்கேயேதான் நிற்பார். அவர் அப்படியே படத்தில் இருப்பார். நின்றபடி அசைந்தவர் தேய்ந்த ஆவிபோலத் தெரிவார். கால்மணி நேரம் கழித்து இன்னொரு தொகுதி எடுத்து, அந்த இடத்தை மட்டும் அதிலிருந்து ஒட்டிக்கொள்ளலாம். அல்லது அவரிடமே சொல்லலாம். "அண்ணாச்சி, ஒரு நிமிசம் அந்தப் பக்கம் நில்லுங்க" என்று கேட்டால் யாரும் மறுப்பதில்லை. மென்பொருளில் அரைமணி நேரம் தடவுவதைவிட இது லேசு.

ஆனி, ஆடியில் காற்று வீசும் காலத்தில் இன்னொரு தொல்லை. வயரும் மரக்கிளையும் ஆடிக்கொண்டே இருப்பதால், நடு நிறத்தை எடுக்கும்போது அவை மங்கிய புகைக்கோடாகிவிடும். மங்கிய கோட்டை அழிப்பது தெளிவான கோட்டை அழிப்பதைவிடக் கடினம், விளிம்பு எங்கே முடிகிறது என்று தெரியாது. எனவே படத்தின் கீழ்ப்பாதிக்கு இந்தக் கூட்டுப் படத்தையும், மேல்பாதிக்கு 11-இல் ஒரே ஒரு படத்தையும் வைத்துக்கொள்ளுங்கள். ஆட்கள் எப்படியும் மேல்பாதியில் நடப்பதில்லை.

இது முடிந்ததும், வேறு எதையும் தொடும் முன், படத்தை நேராக்குங்கள். சுவரின் நான்கு மூலைகளைப் பிடித்து, நின்ற கோடுகள் நேராக நிற்கவும் படுத்த கோடுகள் நேராகப் படுக்கவும் வைக்க வேண்டும். இனிமேல் ஓரிடத்திலிருந்து எடுத்து இன்னோரிடத்தில் ஒட்டும் வேலைதான். சாய்ந்த படத்தில் அது ஒட்டாது.

வயர்கள்

வயர் சுவருக்கு 3 அடி முன்னால் போகிறது, ஓர் அங்குலக் கனம் என்று வைப்போம். நாம் 30 அடியில் நிற்கிறோம். ஃபோனை ஓர் அடி நகர்த்தினால், வயர் சுவரில் மறைக்கும் இடம் ஏறத்தாழ ஓர் அங்குலமும் கொஞ்சமும் எதிர்ப்பக்கம் நகரும். வயரின் கனத்தைவிட அது அதிகம். ஆகவே ஓர் அடி நகர்ந்து எடுத்த இரண்டாவது படத்தில், முதல் படத்தில் மறைந்திருந்த சுவர் முழுதாகத் தெரியும். இரண்டு அடி நகர்த்தினால் கை தாராளமாக இருக்கும்.

எந்தப் பக்கம் நகர்த்துவது என்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். தெருவோடு படுக்கையாக ஓடும் வயருக்கு இடவலமாக நகர்ந்து பயனே இல்லை. வயர் தன் நீளத்திலேயே வழுக்கிக்கொண்டு போகும், மறைத்த இடத்தையே மறைக்கும். ஃபோனை மேலே தூக்க வேண்டும். கையை உயர்த்தினாலோ, செல்ஃபி குச்சியில் மாட்டினாலோ போதும். தொங்கும் வயருக்கும் கம்பத்துக்கும் இடவலம். கம்பத்திலிருந்து சரிந்து வரும் சர்வீஸ் வயருக்கு எந்தப் பக்கமானாலும் ஓரளவு நடக்கும்.

இரண்டாவது படத்தையும் அதே அளவுக்கு நேராக்கி, GIMP என்ற படம் திருத்தும் மென்பொருளில் முதல் படத்துக்குக் கீழே இன்னொரு லேயராக வைத்து, மேல் லேயரில் வயர் ஓடும் கோட்டை மட்டும் லேயர் மாஸ்க்கில் கறுப்பாக்கினால் பின்னால் உள்ள உண்மையான சுவர் எட்டிப்பார்க்கும். ஜன்னல் கிரில்லுக்குக் குறுக்கே போகும் வயருக்கு இந்த வழிதான் உருப்படியானது. கிரில்லின் வளைவை க்ளோன் கருவியால் திரும்ப வரைவது பொறுமையைச் சோதிக்கும்.

வானத்துக்கும் வெறும் பூச்சுச் சுவருக்கும் இவ்வளவு வேண்டாம். Heal கருவியால் நேராகத் தடவிவிடலாம். ஆனால் அகலத்தைக் கவனிக்க வேண்டும். 12 மெகாபிக்சல் படத்தில் நமது ஓர் அங்குல வயர் ஏறத்தாழ 9 பிக்சல் அகலம் வரும். ஃபோன்கள் படத்தைக் கூர்மையாக்கும்போது வயரின் இரு ஓரத்திலும் வெளுத்த ஒரு கீற்றை உண்டாக்குகின்றன. 9 பிக்சலை மட்டும் அழித்தால் அந்த வெள்ளைக் கீற்று இரட்டைக் கோடாக நிற்கும். பக்கத்துக்கு 3 பிக்சல் கூட்டி 15 பிக்சல் அகலத்தில் தடவுங்கள். சன்ஷேடின் விளிம்பையோ பாரபெட்டின் கோட்டையோ வயர் வெட்டும் இடத்தில் நிறுத்தி, அந்த ஒரு அங்குலத்தை மட்டும் Clone கருவியால் விளிம்பு தொடரும்படி தனியாக ஒட்டுங்கள். Heal அங்கே இரு பக்க நிறத்தையும் குழப்பி விளிம்பைக் கரைத்துவிடும்.

வயரை எடுத்தவர்கள் மறப்பது அதன் நிழலை. திருநெல்வேலியில் ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை உச்சி வேளையில் சூரியன் நம் தலைக்கு வடக்கே நிற்கிறது. அப்போது வடக்குப் பார்த்த சுவரில் ஏறத்தாழச் செங்குத்தாக வெயில் விழும். ஜூன் கடைசியில், சுவருக்கு 3 அடி முன்னால் போகும் வயரின் நிழல் அதற்கு 11 அடி கீழே விழும். இடையில் சன்ஷேடு இருந்தால் அதன்மேல் ஒடிந்து விழும். வயர் மாடி ஜன்னலருகில், நிழலோ கடைப் பலகையருகில். இரண்டையும் யாரும் சேர்த்துப் பார்ப்பதில்லை, நிழல் விரிசல்போல அங்கேயே கிடக்கும். மார்கழியில் அதே சுவரில் நாள் முழுக்க வெயிலே விழாது. வடக்கு முகப்புக்குப் படமெடுக்க அதுதான் தோதான காலம்; அவசரமென்றால் மேகம் மூடிய நாள்.

வண்டிகள்

இங்கே நகர்ந்து எடுப்பது ஏன் பலிக்காது என்று பார்ப்போம். பைக் சுவருக்கு 4 அடி முன்னால் இருக்கிறது. நீளம் ஆறரை அடி. நாம் பத்து அடி பக்கவாட்டில் நடந்தாலும் அது மறைக்கும் இடம் ஒன்றரை அடிதான் நகரும். முழு பைக்கும் விலக வேண்டுமானால் நாற்பது அடிக்கு மேல் நடக்க வேண்டும். அங்கிருந்து பார்த்தால் முகப்பு சப்பிப்போய்த் தெரியும்.

ஆகவே கிட்டே போய், பைக்குக்கும் சுவருக்கும் நடுவில் ஃபோனை நீட்டி, மறைந்த அடிப்பகுதியை மட்டும் மூன்று நான்கு படமாக, ஒன்றோடொன்று மூன்றிலொரு பங்கு மேவும்படி எடுங்கள். இடம் இல்லையென்றால் சீட்டுக்கு மேலிருந்து கீழ்நோக்கி எடுக்கலாம். ஒவ்வொரு படத்திலும் பெரிய படத்தில் தெரியும் ஏதாவது ஒன்று இருக்கட்டும்: ஷட்டர் ஓடும் இரும்புச் சட்டம், நிலைக்கால், பூச்சில் உள்ள ஒரு கறை. கூடவே டேப் பிடித்து மூன்று அளவுகள் எடுத்துக்கொள்ளுங்கள்: படிகள் எத்தனை, ஒரு படியின் உயரம் என்ன, ரோட்டிலிருந்து பேஸ்மெண்ட் எவ்வளவு உயரம்.

பிறகு அந்தக் கிட்டப்படத்தை Perspective கருவியால் நான்கு புள்ளிகளில் இழுத்துப் பெரிய படத்தில் உட்கார வைக்க வேண்டும். இங்கே ஒரு வரம்பு உண்டு. நான்கு புள்ளியில் இழுத்துப் பொருத்துவது ஒரே தளத்தில் உள்ளவற்றுக்குத்தான் சரி. சுவரும் ஷட்டரும் ஏறத்தாழ ஒரு தளம், அவை உட்கார்ந்துவிடும். படிகள் சுவரைவிட்டு வெளியே நீட்டிக்கொண்டிருப்பதால், சுவர் பொருந்தியதும் படி விலகி நிற்கும். பிழை செய்துவிட்டோமென்று நினைத்துத் திரும்பத் திரும்ப இழுக்க வேண்டாம். படியின் முகத்தைத் தனியாக வெட்டி, அதற்கு வேறு நான்கு புள்ளிகள் கொடுத்துத் தனி லேயராக வையுங்கள். எடுத்த அளவுகள் இங்கேதான் உதவும்.

ஷட்டருக்கு மட்டும் குறுக்குவழி ஒன்று உண்டு. பட்டைகள் எல்லாம் ஒன்றுபோலவே இருப்பதால், பைக் மறைக்காத பட்டைகளை எடுத்துக் கீழே அடுக்கிவிடலாம். ஆனால் கடைசிக் கீழ்ப்பட்டை அப்படி இருக்காது. அதில் கைப்பிடியும் பூட்டுக் கொண்டியும் இருக்கும். அதைக் கிட்டப்படத்திலிருந்தே எடுக்க வேண்டும். மேல்பட்டைகள் சன்ஷேடின் நிழலில் கறுத்திருக்கும் என்பதால், ஒட்டியபின் வெளிச்சத்தைக் கொஞ்சம் தூக்க வேண்டியிருக்கும்.

கிட்டப்படமே இல்லை, வேலை கொடுத்தவர் அனுப்பிய ஒரு படம்தான் இருக்கிறது என்றால், தானாக நிரப்பும் மென்பொருளைத்தான் நம்ப வேண்டும். அப்போது ஒரே பெரிய மாஸ்க்காக லோடு ஆட்டோவை மூடிவிடாதீர்கள். பின்னால் இருப்பதை வகைப்படுத்தி, சுவர் ஒன்று, ஷட்டர் ஒன்று, தரை ஒன்று என்று மூன்று தடவையாக நிரப்புங்கள். மொத்தமாக நிரப்பினால் சுவர் தரைக்குள் வழிந்து, பேஸ்மெண்ட் கோடே காணாமல் போகும். இப்படி நிரப்பிய இடத்தை வேறொரு லேயரில் சிவப்பாகக் குறித்து வையுங்கள். எது பார்த்தது, எது ஊகித்தது என்று பிறகு கேட்பார்கள்.

வண்டிகளை எடுக்கும்போது அடியில் உள்ள கறுத்த நிழலையும் எடுத்தாக வேண்டும். டயர் தரையைத் தொடும் இடத்தில் அடர்த்தியாகவும், ஓர் அடி தள்ளி மங்கலாகவும் அது பரவியிருக்கும். மாஸ்க்கை டயரோடு நிறுத்தினால் அந்த மங்கல் மிஞ்சும். படத்திலிருந்து புது முகப்பை உருவாக்கித் தரும் மென்பொருளுக்கு அந்த நிழல் ஒரு குறிப்பாகிவிடும். நிழல் இருந்தால் பொருளும் இருக்க வேண்டுமென்று அங்கே ஒரு பூந்தொட்டியையோ பெஞ்சையோ, சில வேளை அதே மாதிரி ஒரு பைக்கையோ திரும்ப வைத்துவிடும். கண்ணாடிக் கதவில் தெரியும் வண்டியின் பிம்பமும் இதே ரகம்.

எதை அழிக்கக் கூடாது

ஈபி கம்பம், சுவரில் சர்வீஸ் வயர் பிடித்திருக்கும் இரும்பு, மீட்டர் பெட்டி, வாறுகால் மூடி இவை அசிங்கமாகத் தெரியலாம். ஆனால் புது முகப்பு வந்த பிறகும் இவை அங்கேதான் இருக்கும். இவற்றை அழித்த படத்தில் மூன்றடி நீட்டி ஒரு பால்கனி வரைந்தால் அழகாகத்தான் இருக்கும். கட்டடத்துக்கும் தாழ்வழுத்த மின்கம்பிக்கும் நடுவில் படுக்கைவாட்டில் குறைந்தது 1.2 மீட்டர், அதாவது ஏறத்தாழ 4 அடி இடைவெளி வேண்டும் என்பது மத்திய மின்சார ஆணையத்தின் விதி. 11 கிலோவோல்ட் கம்பிக்கும் படுக்கைவாட்டு இடைவெளி அதே 1.2 மீட்டர்தான். கம்பி சுவரிலிருந்து 5 அடியில் போகிறதென்றால், மூன்றடி பால்கனிக்குப் பிறகு மிஞ்சுவது இரண்டடி. அந்தப் பால்கனியைக் கட்டவே முடியாது. கேபிள் டிவி வயரை அழிக்கலாம், ஆள் வந்து மாற்றிக் கட்டிவிடுவார். மின்கம்பியை அழிப்பதானால் அதைத் தனி லேயராக வெட்டி வைத்து, புது முகப்பு வந்ததும் மேலே திரும்பப் போட்டுப் பாருங்கள்.

ஏற்றும் முன் ஒரு சோதனை

கண்ணுக்குச் சுத்தமாகத் தெரியும் படம் மென்பொருளுக்குச் சுத்தமாக இருக்க வேண்டியதில்லை. முகப்பை மாற்றும் கருவிகளில் பல, முதலில் படத்திலுள்ள விளிம்புக் கோடுகளைப் பிரித்தெடுத்து, அந்தக் கோடுகளின்மேல்தான் புதுக் கட்டடத்தைப் போர்த்துகின்றன. மிஞ்சிய வயர்க் கோடு அங்கே ஒரு பூச்சுப் பட்டையாக மாறிவிடும். குறுக்கே சரிந்து போகும் சர்வீஸ் வயர், சரிந்த கூரையாகவே வந்து நிற்கும். அதனால் சுத்தம் செய்த படத்தை suttham.png என்று சேமித்து, அந்தக் கோடுகளை நாமே முன்கூட்டிப் பார்த்துவிடலாம்:

```
magick suttham.png -colorspace Gray -canny 0x1+10%+30% kodu.png
```

வரும் படம் கறுப்பில் வெள்ளைக் கோடுகளாக இருக்கும். ஜன்னல், சன்ஷேடு, ஷட்டர், படி ஆகியவற்றின் கோடுகளைத் தவிர வேறு நீளக் கோடு இருக்கிறதா என்று பாருங்கள். அருகருகே ஓடும் இரண்டு இணைகோடுகள் என்றால் வயர் சரியாகப் போகவில்லை. தரையருகே வட்டத்தின் துண்டுபோல ஒன்று தெரிந்தால் டயர் நிழல் மிஞ்சியிருக்கிறது. சுவரில் வெறும் சதுரம் ஒன்று தெரிந்தால் ஒட்டிய துண்டின் ஓரம் கரையவில்லை. படிகளின் கோடுகளை எண்ணிப் பாருங்கள். டேப் பிடித்த அன்று எழுதிவைத்த எண்ணிக்கையோடு ஒத்துவந்தால் படத்தை அடுத்த வேலைக்கு அனுப்பலாம். ஒத்துவராவிட்டால் மாஸ்க்கைத் திருத்திப் பயனில்லை, கட்டடத்துக்குத் திரும்பப் போய் அந்தப் படியைக் கிட்டே நின்று எடுத்துவர வேண்டும்.